ஆடிக்கு முன் அடித்தளம்: ஒரு கூட்டத்துக்குப் பின் போன மின்னஞ்சல்

நெல் உலர்த்தும் இயந்திரம் செய்து நிறுவித் தரும் ஒரு நிறுவனம் கும்பகோணத்தில் இருக்கிறது. மன்னார்குடி பக்கத்தில் ஓர் அரிசி ஆலை அதன் வாடிக்கையாளர். ஜூன் 16, திங்கட்கிழமை காலை ஆலை அலுவலகத்தில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசினார்கள். ஆலைப் பக்கம் உரிமையாளர், அவர் மகன், கணக்காளர். நிறுவனத்தின் பக்கம் விற்பனைப் பொறியாளரும் தலைமை ஃபிட்டரும். அன்று மாலை நிறுவனத்திலிருந்து போன மின்னஞ்சலைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறோம். பெயர்களை எடுத்துவிட்டோம்.

இந்த வேலையில் தேதிக்கு ஏன் அவ்வளவு கனம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவை அறுப்பு செப்டம்பரில் தொடங்கி அக்டோபருக்குள் போகும். அறுப்பும் மழையும் ஒன்றாக வரும் காலம் அது. அரசு கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் வழக்கமான வரம்பு. மத்திய அரசு தளர்வு கொடுத்தால் ஒழிய அதற்கு மேல் எடுக்கமாட்டார்கள். அரைவைக்கு 14 சதவீதம் அளவுக்கு வர வேண்டும். களத்தில் கொட்டிக் காயவைக்க வெயில் இல்லாத நாளில் 22 சதவீத நெல்லைத் துணிந்து வாங்குகிற ஆலைக்குச் சொந்த உலர்த்தி வேண்டும். அது செப்டம்பரில் ஓடினால் போட்ட பணத்துக்கு அர்த்தம் உண்டு. நவம்பரில் ஓடினால் அந்த ஆண்டுக் குறுவை கையை விட்டுப் போயிருக்கும்.

கூட்டத்தில் காதில் விழுந்தவை

ஒன்றரை மணி நேரப் பேச்சில் நான்கு வாக்கியங்கள்தான் பிறகு சிக்கலாகக் கூடியவை. அவை பொறியாளரின் குறிப்பேட்டில் பேசியபடியே இருந்தன.

"ஒரு தடவைக்கு இருநூறு மூட்டை ஓடணும்." இது உரிமையாளர்.

"இருபது லட்சத்துல முடிச்சுக் குடுங்க." இதுவும் அவரே. பொறியாளர் "சரிங்க ஐயா" என்றார்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள பூமி பூஜை போட்டுடணும். நாள் பார்த்துச் சொல்றேன்." இதுவும் உரிமையாளர்தான்.

நான்காவது வாக்கியம் அலுவலகத்தில் சொன்னதே இல்லை. நெல்லை மேலே தூக்கிக் கொட்டும் எலிவேட்டரைப் பற்றி, கிளம்பும்போது கார் கதவருகே நின்று உரிமையாளர் சொன்னது: "அப்படியே அந்த எலிவேட்டரையும் சேர்த்துப் போட்டுடுங்க தம்பி." பொறியாளர் சிரித்தபடி, "பார்த்துக்கலாம் ஐயா" என்றார்.

வாசலில் பேசியதைப் பலரும் மின்னஞ்சலில் சேர்ப்பதில்லை. உள்ளே பேசியதுதான் கூட்டம், வெளியே பேசியது மரியாதை என்று விட்டுவிடுகிறார்கள். டெல்டாவில் வியாபாரம் பார்த்தவர்களுக்கு இது தலைகீழ் என்று தெரியும். உள்ளே கணக்காளர் முன்னிலையில் கேட்கத் தயங்கியதைத்தான் பெரியவர் வாசலில் கேட்கிறார். "பார்த்துக்கலாம்" என்ற பதிலை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார். தவிர்த்துவிட்டதாக நினைத்துப் பொறியாளர் காரில் ஏறுகிறார். ஆகஸ்டில் லாரியிலிருந்து எலிவேட்டர் இறங்காதபோதுதான் இருவருக்கும் விஷயம் தெரியவரும்.

முதல் வரைவு

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பொறியாளர் எழுதிய முதல் வரைவின் நடுப்பகுதி இது:

"இன்று நடைபெற்ற இனிய சந்திப்புக்கு மிக்க நன்றி. தங்களின் மேலான ஆதரவுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டுள்ளோம். 200 மூட்டை கொள்ளளவு கொண்ட உலர்த்தி ரூ. 20 லட்சத்துக்கு நிறுவித் தருவதாக முடிவு செய்யப்பட்டது. அடித்தள வேலை ஆடிக்கு முன் தொடங்கப்படும். முன்பணம் விரைவில் செலுத்தவும். எலிவேட்டர் குறித்துப் பிறகு பேசப்படும். மற்றவை நேரில்."

படிக்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு அடுத்த நாள் யார் என்ன செய்வது? அடித்தளம் தொடங்கப்படும் என்றால் கொத்தனாரை யார் கூப்பிடுவது, சிமெண்டும் கம்பியும் யார் கணக்கு? "தொடங்கப்படும்", "பேசப்படும்", "முடிவு செய்யப்பட்டது" என்று எழுதுகிறபோது செய்கிறவர் வாக்கியத்தைவிட்டே நழுவிவிடுகிறார். அலுவலகத் தமிழில் இப்படி எழுதுவதுதான் பணிவு என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. நன்றி சொல்லும் இடத்தில் இருக்க வேண்டிய பணிவைப் பொறுப்பு சொல்லும் இடத்திலும் கொண்டுவந்து போட்டதால், எந்த வேலைக்கும் ஆள் இல்லாமல் போய்விட்டது.

நேர்மாறாக, "முன்பணம் விரைவில் செலுத்தவும்" என்ற இடத்தில் பணிவே இல்லை. வங்கி அனுப்பும் அறிவிப்பு போல இருக்கிறது. அதோடு "விரைவில்" என்பது தேதி ஆகாது. ஆலைக்காரருக்கு விரைவில் என்றால் மாதக் கடைசி. பட்டறைக்கு விரைவில் என்றால் இந்த வாரம்.

நிறுவனத்தின் உரிமையாளர் இந்த வரைவைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இருநூறு மூட்டைன்னா எந்த மூட்டை?" கொள்முதல் நிலையத்தில் நெல்லை 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கிறார்கள். வியாபாரிகளிடம் 60 கிலோ மூட்டைதான் பேச்சு. 200 மூட்டை முதல் கணக்கில் 8 டன், இரண்டாவது கணக்கில் 12 டன். இரண்டும் ஒரே இயந்திரம் அல்ல. ஆலைப் பக்கத்தில் யாரும் இதைத் தெளிவாகச் சொல்லவில்லை, கும்பகோணத்திலிருந்து போனவர்களும் கேட்கவில்லை. இரு தரப்பும் தங்கள் கணக்குதான் எல்லோருடைய கணக்கும் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறார்கள்.

போன மின்னஞ்சல்

அன்று மாலை ஆறு மணிக்குப் போனது இது. பெறுநர் இடத்தில் முதலில் உரிமையாளர், அடுத்து மகன். நகல் கணக்காளருக்கு. உரிமையாளர் மெயில் திறப்பதில்லை, மகன்தான் பார்த்துச் சொல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மகனுக்கு மட்டும் அனுப்பினால் பெரியவரை ஒதுக்கிவிட்டுப் பேசுவதாகிவிடும்.

பொருள்: நெல் உலர்த்தி – ஜூன் 16 கூட்ட முடிவுகள் – ஜூன் 19 வியாழனுக்குள் தங்கள் உறுதி வேண்டி

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இன்று காலை எங்களுக்காக நேரம் ஒதுக்கியதோடு, இயந்திரம் வரும் இடத்துக்குத் தாங்களே உடன் வந்து காட்டியமைக்கு நன்றி. பேசியவற்றை எங்கள் குறிப்பிலிருந்து கீழே எழுதியுள்ளோம். நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டது ஏதும் இருந்தால் திருத்தித் தர வேண்டுகிறோம். முதல் இரண்டு விஷயங்களுக்கு மட்டும் ஜூன் 19, வியாழனுக்குள் தங்கள் பதில் கிடைத்தால் வெள்ளியன்று வரைபடத்தை முடித்துவிடுவோம்.

முடிவானவை

1. கொள்ளளவு. ஒரு தடவைக்கு 200 மூட்டை என்று தாங்கள் சொன்னதை 60 கிலோ மூட்டையாக, அதாவது 12 டன் ஈர நெல்லாக எடுத்துக்கொண்டுள்ளோம். 40 கிலோ சிப்பக் கணக்கில் சொல்லியிருந்தால் 8 டன் இயந்திரம் போதும். தயவுசெய்து உறுதிப்படுத்தவும். 22 சதவீத ஈரப்பதத்தில் வரும் 12 டன் நெல் 14 சதவீதத்துக்கு இறங்கும்போது எடை சுமார் 10.9 டன்னாக இருக்கும்.

2. விலை. 12 டன் இயந்திரம், உமி அடுப்பு, நிறுவும் கூலி சேர்த்து ரூ. 20 லட்சம். ஜிஎஸ்டி, லாரி வாடகை, அடித்தளச் செலவு இதில் சேராது. 40 சதவீதம் முன்பணம், 50 சதவீதம் இயந்திரம் பட்டறையிலிருந்து கிளம்பும் முன், 10 சதவீதம் சோதனை ஓட்டம் முடிந்த பின்.

3. தேதிகள். முன்பணம் கிடைத்த நாளிலிருந்து 45 நாளில் இயந்திரம் தயாராகும். ஜூன் 25, புதன்கிழமை கிடைத்தால் ஆகஸ்ட் 11, திங்களன்று ஆலைக்கு வரும். செப்டம்பர் 3, புதன்கிழமை சோதனை ஓட்டம். முன்பணம் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் இந்த இரண்டு தேதிகளும் ஒரு நாள் தள்ளும்.

நாங்கள் செய்ய வேண்டியவை

அடித்தள வரைபடமும் போல்ட் அமைப்பும் ஜூன் 20, வெள்ளிக்குள் அனுப்புவோம். கான்கிரீட் போடும் நாளில் போல்ட்டுகளைச் சரிபார்க்க எங்கள் ஃபிட்டர் நேரில் இருப்பார்.

தங்களிடம் வேண்டுவது

பூமி பூஜைக்கு ஜூலை 2-க்குள் ஒரு நாள். கான்கிரீட் ஜூலை 11, வெள்ளிக்குள் போட்டு முடித்தால்தான் 28 நாள் இறுகி ஆகஸ்ட் 8-ல் சுமை தாங்கும். கொத்தனாரும் பொருளும் தங்கள் ஏற்பாடு. கூடுதல் மின்சுமைக்கு மின்வாரியத்தில் விண்ணப்பம், அதற்கு வேண்டிய மோட்டார் விவரத்தை வரைபடத்தோடு தருகிறோம். சோதனை ஓட்டத்தன்று 20 முதல் 22 சதவீத ஈரப்பதமுள்ள 12 டன் நெல்லும் உமியும்.

இன்னும் முடிவாகாதவை

எலிவேட்டரையும் சேர்த்துத் தரும்படி புறப்படும்போது கேட்டிருந்தீர்கள். இது மேலே சொன்ன விலையில் இல்லை. தனி விலையை ஜூன் 20-க்குள் அனுப்புகிறோம், பார்த்துவிட்டுத் தாங்கள் முடிவு செய்யலாம். ஆனால் வேண்டும் என்றால் அதன் குழிக்கும் அடித்தளத்தில் இடம் விட வேண்டியிருப்பதால் ஜூன் 27-க்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
(பெயர், பொறுப்பு, கைப்பேசி எண்)

இதில் என்ன நடந்திருக்கிறது

200 மூட்டையைக் கேள்வியாகக் கேட்டு நிறுத்தாமல், தாங்கள் எடுத்துக்கொண்ட அர்த்தத்தை முதலில் சொல்லி, மற்ற அர்த்தத்தையும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். "எந்த மூட்டை என்று தெரிவிக்கவும்" என்று கேட்டிருந்தால் கூட்டத்தில் கவனிக்காமல் உட்கார்ந்திருந்ததுபோல ஆகும். அதோடு பதில் எழுதுகிறவர் மறுபடி ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இப்போது "60 தான்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடலாம். பதில் எழுதச் சோம்பல் வராதபடி கேட்பதும் மரியாதையில் சேர்த்திதான்.

எடைக் கணக்கைச் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. 22 சதவீத ஈரமுள்ள 12,000 கிலோவில் நெல்லின் உலர்ந்த பகுதி 9,360 கிலோ. 14 சதவீதத்தில் அதே 9,360 கிலோ மொத்த எடையில் 86 சதவீதமாக இருக்கும், ஆகவே மொத்தம் 10,884 கிலோ. ஏறக்குறைய 1,100 கிலோ தண்ணீராகப் போய்விட்டது. உள்ளே 12 டன் போட்டு வெளியே 11 டன்கூட வரவில்லையே என்று சோதனை ஓட்டத்தன்று எடைமேடையில் நின்று கேட்காமல் இருக்க இது இங்கேயே எழுதப்பட வேண்டும். சோதனை நெல்லுக்கு 22 சதவீதம் என்று மேல்வரம்பு போட்டதும் அதே கணக்கால்தான். மழையில் நனைந்து 26 சதவீதத்தில் வரும் 12 டன்னிலிருந்து சுமார் 1,670 கிலோ தண்ணீரை எடுக்க வேண்டும். ஒன்றரை மடங்கு வேலை. அந்த நெல்லைப் போட்டுவிட்டு இயந்திரம் மெதுவாக ஓடுகிறது, கடைசி 10 சதவீதத்தைத் தரமாட்டேன் என்று சொன்னால் வாதாட இடமிருக்காது. ஈரமானியும் ஒரு பிரச்சினைதான். ஆலையின் மானியும் நிறுவனத்தின் மானியும் ஒரே நெல்லுக்கு வேறு வேறு எண் காட்டுவது சாதாரணம். யார் மானியின் எண்ணை வைத்துக்கொள்வது என்று இந்த மின்னஞ்சலில் இல்லை. அது இதில் இருக்கும் ஒரு குறை.

விலையில் எவை சேராது என்று சொன்னது இந்த மின்னஞ்சலிலேயே துணிச்சலான வரி. உரிமையாளர் "இருபது லட்சத்துல முடிச்சுக் குடுங்க" என்றபோது வரியோடு சேர்த்துத்தான் மனதில் வைத்திருந்திருக்கலாம். 20 லட்சத்தில் ஒவ்வொரு சதவீதமும் 20,000 ரூபாய் என்னும்போது ஜிஎஸ்டி சின்ன விஷயம் இல்லை. இப்போது சொன்னால் ஒரு போன் வரும், கொஞ்சம் சூடாகக்கூட வரலாம். பில் போடும்போது சொன்னால் 50 சதவீதப் பணம் நிற்கும், தயாரான இயந்திரம் பட்டறையில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

தேதிகளை எழுதிய முறையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முன்பணம் எப்போது வேண்டும் என்று நேராகக் கேட்கவே இல்லை. முன்பணத்திலிருந்து 45 நாள் என்று வேலையின் இயல்பைச் சொல்லி, ஜூன் 25-ல் வந்தால் இன்ன நாள் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். "செலுத்தவும்" என்ற கட்டளை தேவைப்படவில்லை. குறுவை வரும் முன் இயந்திரம் ஓட வேண்டும் என்பது ஆலைக்காரருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தாமதத்தின் விலையை அவரே கூட்டிப் பார்த்துக்கொள்வார். கான்கிரீட் தேதியும் அதே மாதிரி பின்னோக்கி வந்தது. ஆகஸ்ட் 11-ல் வரும் இயந்திரத்துக்கு ஆகஸ்ட் 8-ல் அடித்தளம் தயாராக இருக்க வேண்டுமானால் அதற்கு முன் 28 நாள், ஆகவே ஜூலை 11. ஆடி ஜூலை 17-ல் பிறக்கிறது என்பதால் பூஜையும் அதற்குள் அடங்கிவிடுகிறது. பூஜைக்கு நாள் குறிப்பது உரிமையாளரின் உரிமை. நிறுவனம் அதில் தலையிடவில்லை, கடைசி நாளை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

பெரும்பாலான தேதிகளுக்குக் கிழமை போட்டிருப்பது பழக்கத்தால் வந்ததுபோலத் தெரியலாம். கிழமை இருந்தால் எழுதுகிறபோதே தவறு பிடிபடும். "ஜூன் 25, செவ்வாய்" என்று கை தவறி எழுதினால் படிப்பவர் உடனே கேட்பார்.

எழுதாமல் விட்டவையும் உண்டு. முன்பணம் 30 சதவீதம் போதும் என்று கூட்டத்தில் கணக்காளர் சொன்னார், மகன் 40-க்கு ஒத்துக்கொண்டார், இருவருக்கும் இடையில் கொஞ்சம் முகச்சுளிப்பு இருந்தது. மின்னஞ்சலில் 40 சதவீதம் என்ற முடிவு மட்டும் இருக்கிறது. யார் எதைச் சொன்னார் என்று எழுதியிருந்தால், நகல் போகும் கணக்காளர் தன் தோல்வியை எழுத்தில் படிக்க வேண்டியிருக்கும். நாளை பணம் விடுவிக்க வேண்டியவரும் அவர்தான். முன்பு வேறொருவரிடம் வாங்கிய இயந்திரத்தைப் பற்றி உரிமையாளர் கடிந்து சொன்னதும் இல்லை. அதை எழுத்தில் வைத்தால், யாருக்காவது முன்னனுப்பப்படும் நாளில் சங்கடம் நமக்குத்தான்.

பதில் வந்தது

செவ்வாய் காலை மகனிடமிருந்து பதில்: "மூட்டை 60 கிலோதான். ஜிஎஸ்டி தனி என்பது சரி, அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஆனால் ஆகஸ்ட் 11 ஆடி மாதம். அடித்தளம் முன்பே போட்டாலும் இயந்திரத்தை ஆடியில் உள்ளே கொண்டுவர அப்பாவுக்கு விருப்பமில்லை. ஆவணி பிறந்து கொண்டுவரலாமா?"

கூட்டத்தில் ஆடி பேசப்பட்டது பூமி பூஜைக்காக மட்டும். இயந்திரம் வருவதற்கும் அது பொருந்தும் என்று யாரும் நினைக்கவில்லை, உரிமையாளரும் உட்பட. 45 நாளைக் கூட்டினால் எந்தத் தமிழ் மாதத்தில் விழும் என்று அங்கே யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. "முன்பணத்திலிருந்து 45 நாள்" என்று மட்டும் எழுதி விட்டிருந்தால் இது ஆகஸ்ட் முதல் வாரத்தில், லாரி பேசிய பிறகுதான் வெளிவந்திருக்கும். தேதியாக எழுதியதால் மறுநாளே வெளிவந்தது.

நிறுவனம் பழைய மின்னஞ்சலைத் திருத்தி மறுபடி அனுப்பவில்லை. அப்படிச் செய்தால் இரண்டு முழு மின்னஞ்சல்கள் சுற்றிக்கொண்டிருக்கும், எது கடைசி என்று தேட வேண்டியிருக்கும். அதே தொடரில் மாறியதை மட்டும் எழுதினார்கள்:

"வணக்கம். உடனே பார்த்துத் தெரிவித்தமைக்கு நன்றி. ஐயாவின் விருப்பப்படி இயந்திரம் ஆகஸ்ட் 18, திங்களன்று (ஆவணி 2) ஆலைக்கு வரும். சோதனை ஓட்டம் செப்டம்பர் 10, புதன்கிழமைக்கு மாறுகிறது. முன்பணத் தேதியிலும் கான்கிரீட் தேதியிலும் மாற்றம் இல்லை. ஒரு வாரம் கூடுதலாகக் கிடைப்பதால் மற்ற தேதிகளையும் தள்ளலாம் என்று தோன்றலாம். மழையால் கான்கிரீட் தாமதமானால் ஈடுகட்ட அந்த வாரம் உதவும் என்பதால் அப்படியே வைத்திருக்கிறோம். முந்தைய மின்னஞ்சலின் மற்ற விவரங்கள் அப்படியே தொடரும்."

கடைசி வரி முக்கியம். அது இல்லாமல் புதிய தேதிகள் மட்டும் போனால், 10 சதவீதமும் எலிவேட்டரும் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று சந்தேகம் வரும்.

வாட்ஸ்அப்

ஆலை உரிமையாளர்களிடம் வேலை உண்மையில் நடப்பது வாட்ஸ்அப்பில்தான். அதற்காக முழு விவரத்தையும் அங்கே கொட்டினால் நான்கு நாளில் திருமண அழைப்பிதழ்களுக்கும் காலை வணக்கப் படங்களுக்கும் கீழே போய்விடும். இங்கே பொறியாளர் அனுப்பியது ஒரே செய்தி: "வணக்கம் ஐயா. இன்னைக்குப் பேசினதை எழுதி மெயில்ல அனுப்பியிருக்கோம். தம்பிகிட்டயும் சொல்லியிருக்கேன். மூட்டைக் கணக்கும் விலை விவரமும் மட்டும் வியாழனுக்குள்ள சொன்னீங்கன்னா போதும்." பேச்சுத் தமிழில் இருப்பது தவறில்லை, அந்த இடத்தின் மரியாதை அதுதான். ஆனால் எண்கள் மெயிலில் மட்டும் இருந்தன. இரண்டு இடத்தில் எழுதினால் ஒரு நாள் இரண்டும் வேறுபடும். உரிமையாளர் குரல் பதிவில் பதில் சொன்னால் அதைக் கேட்டு, அதே நாளில் மெயில் தொடரில் "ஐயா இன்று குரல் பதிவில் தெரிவித்தபடி" என்று எழுத்தில் ஏற்றிவிட வேண்டும்.

பதிலே வராவிட்டால்

இந்த நிகழ்வில் பதில் வந்துவிட்டது. பல நேரம் வராது. அப்போது சிலர் முதல் மின்னஞ்சலிலேயே "மூன்று நாளில் பதில் இல்லையெனில் சம்மதமாகக் கருதப்படும்" என்று எழுதிவிடுகிறார்கள். தொனியில் அது மிரட்டல், சட்டத்திலும் பலவீனம். பேசாமல் இருப்பதைச் சம்மதமாக மற்றவர் மேல் சுமத்த முடியாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பழைய கொள்கை. மாறாக, மின்னஞ்சலில் "சரி" என்று வந்த ஒரு சொல்லுக்கு மதிப்பு உண்டு. மின்னணு வடிவில் ஏற்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. ஆகவே கெடு வைத்துப் பயமுறுத்துவதைவிட அந்த "சரி"யைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

நினைவூட்டலில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பிரித்துச் சொல்வது நல்லது. மூட்டைக் கணக்கு தெரியாமல் அடித்தள வரைபடம் போட முடியாது, எலிவேட்டர் விலை தயாரிப்பதற்கு அது தடையில்லை. ஜூன் 19 மாலை வரை பதில் இல்லையென்றால் வெள்ளி காலை போகவிருந்த வரிகள் தயாராக இருந்தன:

"வணக்கம் ஐயா. தங்கள் வேலைகளுக்கு நடுவில் மீண்டும் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். எலிவேட்டர் விலையை இணைத்துள்ளோம். அடித்தள வரைபடம் மட்டும் மூட்டைக் கணக்கு உறுதியாகாமல் நிற்கிறது. இன்று மாலைக்குள் தெரிந்தால் நாளை காலை வரைபடம் தங்கள் கையில் இருக்கும். திங்கட்கிழமை ஆனால் கொத்தனாரிடம் பேசக் கிடைக்கும் நாட்கள் குறைந்துவிடும். மதியம் ஒரு மணிக்கு மேல் தங்களை அழைக்கலாமா?"